கண்டெடுத்த பர்ஸும் காலை வழிபாட்டுக் கூட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் நடக்கும் நன்னெறி உரைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. சென்ற வாரம் என் பேத்தி படிக்கும் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கொடிவணக்கமும் உறுதிமொழியும் முடிந்த பிறகு, சிறப்பு விருந்தினர் ஒருவர் 'இன்டெக்ரிட்டி' என்ற சொல்லைப் பற்றிப் பேசினார். நேர்மை என்று ஒரே வார்த்தையில் பொருள் சொல்லிவிட்டுக் கதைக்குப் போய்விட்டார்.

கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஏழைச் சிறுவனுக்குப் பஸ் நிலையத்தில் பத்தாயிரம் ரூபாயுடன் ஒரு பர்ஸ் கிடைக்கிறது. வீட்டில் அம்மாவுக்கு மருந்து வாங்கக்கூடக் காசில்லை. அவன் தேடிப்போய் உரியவரிடம் கொடுக்கிறான். அவரோ ஆலை முதலாளி. நெகிழ்ந்துபோய் அவன் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் பேத்தி கேட்டாள்: "அவர் ஒன்றும் கொடுக்காமல் போயிருந்தால் அந்தப் பையன் என்ன செய்திருப்பான், பாட்டி?"

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். இதே கதையை இதே முடிவோடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்புக் குழந்தைக்குச் சட்டென்று தெரிந்த ஓட்டை எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லை. பரிசில் முடிகிற கதை, பர்ஸைத் திருப்பிக் கொடுத்தால் லாபம் என்றுதான் சொல்கிறது. லாபம் கிடைக்காத இடத்தில் அந்தக் கதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

விருந்தினர் இன்னொன்றும் சொன்னார்: "கண்டெடுக்கும் பணம் கூடக் கூட மனிதனின் நேர்மை குறையும்." கேட்பதற்குச் சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் இதை மெய்யாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் 2019-ல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்தன. இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸுகளை வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "தெருவில் கிடந்தது, எனக்கு அவசர வேலை இருக்கிறது, நீங்களே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பர்ஸ் ஒளி ஊடுருவும் உறையாக இருந்ததால் உள்ளே இருப்பது திறக்காமலே தெரியும். மின்னஞ்சல் முகவரி உள்ள அட்டைகள், ஒரு மளிகைப் பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் பணம் உண்டு, சிலவற்றில் இல்லை.

பணம் இல்லாத பர்ஸுகளில் நூற்றுக்குச் சுமார் 40-க்குத்தான் உரியவருக்குத் தகவல் போனது. பணம் இருந்தவற்றில் அது 51 ஆக உயர்ந்தது. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் மட்டும் ஏறத்தாழ ஏழு மடங்கு பணம் வைத்துப் பார்த்தபோது 72 வரை போனது. அந்த நாடுகளில் சாவி வைத்தும் வைக்காமலும் சோதித்தார்கள். சாவி உள்ள பர்ஸே அதிகம் திரும்பியது. எடுத்தவருக்குச் சாவியால் ஒரு பயனும் இல்லை; தொலைத்தவருக்கு அது இல்லாமல் வீட்டைத் திறக்க முடியாது. பிறர் படும் பாடும், 'திருடன்' என்று தன்னையே நினைத்துக்கொள்ள மனம் ஒப்பாததும் சேர்ந்து இப்படிச் செய்யவைக்கின்றன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சோதிக்கப்பட்டவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஊழியர்கள்தாம், பசித்த சிறுவர்கள் அல்லர். ஆனாலும் மனிதனைப் பற்றி இவ்வளவு கசப்பான ஒரு கணக்கைக் குழந்தைகளிடம் உறுதியாகச் சொல்ல நமக்கு ஆதாரம் போதாது.

சொல்லுக்கு வருகிறேன். இன்டெக்ரிட்டி என்பதும், ஆறாம் வகுப்புக் கணக்கில் 'முழுக்கள்' என்று நாம் நடத்தும் இன்டீஜரும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. முழுசானது, உடைபடாதது என்று பொருள். கணக்கு ஆசிரியரும் அதே மைதானத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். முழுக்களைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்தச் சொல் வேறு விதமாக மனதில் பதிந்திருக்கும். பர்ஸை எடுக்கும்போது ஒரு மனம், வீட்டுக்குப் போனதும் ஒரு மனம் என்று ஆகாமல் இருப்பதுதானே அது?

நம் சட்டம் இந்த இடத்தை நன்றாகவே பிடித்து வைத்திருக்கிறது. கண்டெடுத்த பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது பழைய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. அதில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவர் பர்ஸைத் தவறவிடுவதை இன்னொருவர் பார்க்கிறார். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் எடுக்கிறார். பிறகு மனம் மாறித் தானே வைத்துக்கொள்கிறார். அவர் குற்றவாளி. எடுத்த கணத்தில் அவர் நல்லவராக இருந்தது அவரைக் காப்பாற்றுவதில்லை. அதே பிரிவின்படி, யாருடையது என்று தெரியாமல் சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை எடுப்பது மட்டுமே குற்றம் ஆகாது. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தேடாமல் எடுத்துக்கொள்வதுதான் குற்றம்.

தேடுவது எப்படி என்று எந்தக் கூட்டத்திலும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. 2011-ல் என் வகுப்பு மாணவன் ஒருவன் குடிநீர்க் குழாயடியில் கிடந்த பர்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே 340 ரூபாய், ஒரு டிரங்குப் பெட்டிச் சாவி, கசங்கிய பஸ் டிக்கெட். பெயரோ முகவரியோ இல்லை. மறுநாள் கூட்டத்தில் நான் பர்ஸை உயர்த்திக் காட்டி, "கறுப்பு பர்ஸ், 340 ரூபாய், யாருடையது?" என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. அந்த மூன்று பிள்ளைகளைப் பொய் சொல்ல வைத்தது என் கேள்விதான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அன்று மாலையே தலைமையாசிரியர் திருத்தினார். பணத்தை இருவர் முன்னிலையில் எண்ணி, தேதியோடு பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கினார். பர்ஸ் அவரது அலமாரிக்குள் போனது. பள்ளி வாசலில் எழுதிப்போட்ட அறிவிப்பில் 'ஒரு பர்ஸ் கிடைத்துள்ளது' என்று மட்டுமே இருந்தது. நிறம், தொகை, உள்ளே இருப்பது எல்லாம் கேட்டு வருபவர்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதாக முடிவு.

அந்தப் பையன் தினமும் மதிய உணவு மணி அடித்ததும் வாசலில் வந்து நிற்பான். "வந்தாங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்பான். ஐந்தாம் நாள், பேரனைச் சேர்க்க வந்துபோன ஒரு பாட்டி வந்தார். பணத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "பெட்டிச் சாவி இருக்கா?" என்றுதான் கேட்டார். பிறகு தொகையையும் சரியாகச் சொன்னார். அப்போது அவன் வகுப்பில் இருந்தான். பாட்டிக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் வழக்கம்போல வந்து கேட்டான். வந்து வாங்கிக்கொண்டார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்