ஹாட்ஸ்பாட் கட் ஆகிற விஷயம்: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில் பதினோரு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். இதுவரை வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. தீபாவளி ஆஃபர் போட்டால்கூட ஒரு போட்டோவோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது எழுதக் காரணம், பத்து நாளாக வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிற அந்த ஆடியோ. "அந்தக் கடையில் வாங்கின போனில் ஹாட்ஸ்பாட் பத்து நிமிஷம் நிற்காது, 5ஜி என்று சொல்லி டூப்ளிகேட் செட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று அதில் ஒருவர் பேசுகிறார். யார் பேசினார் என்று எனக்குத் தெரியும், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் நம் பழைய வாடிக்கையாளர்தான், நாளைக்கு வந்தாலும் டீ சொல்வேன்.

ஹாட்ஸ்பாட் கட் ஆகிறது என்பதை நான் மறுக்கவில்லை. கட் ஆகத்தான் செய்கிறது. ஆனால் அந்த 'டூப்ளிகேட்' என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே, அது மட்டும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. நான் விற்கிற ஒவ்வொரு போனின் சீலும் உங்கள் கண் முன்னால்தான் பிரிக்கப்படுகிறது. டப்பாவில் இருக்கிற ஐஎம்இஐ நம்பரும், போனில் *#06# அடித்தால் வருகிற நம்பரும் ஒன்றுதானா என்று நானே காட்டிவிட்டுத்தான் பில் போடுகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே அடித்துப் பாருங்கள், பில்லிலும் அந்த நம்பர் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிற ஒரு அண்ணன் போன வாரம் போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார். சீசன் நேரம், வண்டி வந்தால் எடை போட்டு லேப்டாப்பில் பில் ஏற்றி விவசாயிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அடுத்த வண்டி வர கால் மணி ஆகும், அதற்குள் நெட் போயிருக்கும், கல்லாப்பெட்டியில் இருக்கிற போனை எடுத்து மறுபடி ஹாட்ஸ்பாட் போட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படிச் செய்தால் யாருக்கும் கோபம் வரும்தான்.

நான் அவரை உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே ஒன்று செய்து காட்டினேன். ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பைச் சேர்த்தோம். போனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ஒரு சாதனம் சேர்ந்திருக்கிறது என்று காட்டியது. மணி 4.10-க்கு லேப்டாப்பை மூடினார். ஒரு நிமிடத்துக்குள் போனில் அந்த ஒன்று பூஜ்யம் ஆனது. 4.21-க்கு மேலே இருந்த ஹாட்ஸ்பாட் சின்னம் தானாகவே காணாமல் போனது. மறுபடி போட்டு, இந்தத் தடவை லேப்டாப்பை மூடாமல், தூங்கப் போகாதபடி செட்டிங் மாற்றி, எதையும் தொடாமல் அப்படியே விட்டோம். ஐந்து மணி தாண்டியும் கட் ஆகவில்லை. அதற்குள் ரெண்டு டீ ஆகிவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்றால், நெட் பயன்படுத்தாமல் சும்மா இருப்பதால் போன் ஹாட்ஸ்பாட்டை அணைப்பதில்லை. ஒரு சாதனம்கூடச் சேர்ந்திருக்கவில்லை என்றால்தான் கணக்கு ஆரம்பிக்கிறது. லேப்டாப் தூங்கினால் வைஃபையை விட்டுவிடும், போனைப் பொறுத்தவரை ஆளில்லாத கடை, பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடுகிறது. பல போன்களில் இந்தப் பத்து நிமிடம்தான் கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கிறது, சிலவற்றில் ஐந்து. பேட்டரி வீணாகக்கூடாது என்று கம்பெனிக்காரன் வைத்தது. நான் வைத்ததில்லை.

இதை மாற்றுவது சுலபம். ஹாட்ஸ்பாட் செட்டிங் உள்ளே போனால் Turn off hotspot automatically என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். சில போன்களில் எத்தனை நிமிடம் என்று கேட்கும், அங்கே Never போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், Advanced என்பதற்குள் ஒளிந்திருக்கவும் செய்யும், ஆனால் பெரும்பாலும் ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குள்ளேயேதான் இருக்கும். யூடியூப்பில் பார்த்துவிட்டு, கடைசியாகத் திறந்த ஆப்களின் வரிசையில் செட்டிங்ஸைப் பூட்டுப் போட்டு வைக்கிறார்கள் சிலர், அதனால் பிரயோஜனம் இல்லை. ஹாட்ஸ்பாட் ஒரு ஆப் கிடையாது, போனின் சிஸ்டமே நடத்துகிற வேலை அது.

இதைச் செய்த பிறகும் கட் ஆனால் அடுத்து பார்க்க வேண்டியது Battery Saver. சில போன்களில் இது ஆன் ஆனால் ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்து அணைத்துவிடும். பேட்டரி இத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் தானாக ஆன் ஆகட்டும் என்றும் வைக்கலாம், அதனால்தான் காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் மட்டும் கட் ஆகிறது என்று சிலர் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவை கட் ஆகும்போதும் பேட்டரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள், எல்லாத் தடவையும் ஒரே சதவீதம் என்றால் இதுதான் காரணம். (போன மாதம் வரை புது போன் செட்டிங் செய்து கொடுத்த நம் தம்பி, சார்ஜ் நிற்கட்டும் என்று நல்லெண்ணத்தில் சில போன்களில் இதை ஆன் செய்தே கொடுத்திருக்கிறார். அவர் இப்போது ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், நல்லா இருக்கட்டும்.) Data Saver என்பது வேறு, அது ஆன் ஆக இருந்தால் பல போன்களில் ஹாட்ஸ்பாட் போடவே விடாது, அதனால் அதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது அந்த '5ஜி' புகார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

மண்டி அண்ணனிடம் யாரோ ஒருவர், "ஹாட்ஸ்பாட்டில் 2.4 என்று இருக்கிறது பாருங்க, உங்களுக்கு 5ஜி கொடுக்காமல் ஏமாத்திட்டாங்க, 5-க்கு மாத்துங்க, கட் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். அவரும் மாற்றினார். அதற்கப்புறம் லேப்டாப்பில் அவர் போன் பெயரே வரவில்லை. பக்கத்துக் கடை வைஃபை எல்லாம் தெரிகிறது, கையில் இருக்கிற சொந்தப் போன் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் அன்று வந்ததே. முதலில் 2.4-க்கே திருப்பி வைத்துவிட்டுத்தான் மேலே சொன்ன சோதனையைச் செய்தோம்.

அண்ணன்மாரே, 5ஜி வேறு, 5 ஜிகாஹெர்ட்ஸ் வேறு. 5ஜி என்பது டவரிலிருந்து போனுக்கு வருகிற சிக்னலின் தலைமுறை, ஐந்தாவது தலைமுறை, நம் நாட்டில் 2022 அக்டோபரில்தான் வந்தது. ஹாட்ஸ்பாட்டில் காட்டுகிற 2.4, 5 என்பவை போனிலிருந்து உங்கள் லேப்டாப்புக்குப் போகிற வைஃபையின் அலைவரிசை. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 1999-லேயே தரம் வகுத்துவிட்டார்கள். டவரிலிருந்து 5ஜி வாங்கி லேப்டாப்புக்கு 2.4-ல் கொடுக்கலாம், 4ஜி வாங்கி 5-ல் கொடுக்கலாம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 2.4 என்று இருப்பதைப் பார்த்து போன் 5ஜி இல்லை என்பது, வீட்டுக் குழாய் அரை இஞ்ச் என்பதால் கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் இல்லை என்று சொல்கிற மாதிரி.

எதை வைப்பது என்று கேட்டால், 5 வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 வேகம் கொஞ்சம் குறைவு, தூரம் அதிகம், எந்தப் பழைய சாதனமும் பிடிக்கும். மண்டி அண்ணன் லேப்டாப் பழசு, அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும், 5-ல் போன் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. விலை குறைந்த பில் பிரிண்டர், கேமரா பலவும் இதே கதைதான். பில் போடவும் வாட்ஸ்அப்புக்கும் 2.4-ன் வேகம் தாராளம். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிறகு வந்தது வைத்திருப்பவர்கள் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் Maximise Compatibility என்பதை ஆன் செய்தால் 2.4-க்கு மாறிவிடும். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் சேர மாட்டேன் என்கிறது என்றால் பாதுகாப்பு வகையில் WPA3 இருக்கலாம், பழைய லேப்டாப்புக்கு WPA2 வையுங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் மட்டும் திறந்து விடாதீர்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருப்பவர்கள் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிட்டது என்று அடுத்த புகாரோடு வருவீர்கள்.

ஆகவே கட் ஆனால் முதலில் போனைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் சின்னமே இல்லை என்றால் போன் அணைத்திருக்கிறது, நேரக் கணக்கையோ பேட்டரியையோ பாருங்கள். சின்னம் இருக்கிறது, லேப்டாப் சேரவில்லை என்றால் 2.4-ஆ 5-ஆ என்று பாருங்கள். சேர்ந்தும் இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் அது சிம்மோ டவரோ, அதற்கு என்னைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

Never என்று வைத்தால் ஒரு செலவு உண்டு, யாரும் சேராவிட்டாலும் போன் ஹாட்ஸ்பாட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும், இரவு கடை மூடும்போது கையால் அணைக்க வேண்டும். சார்ஜ் போட்டபடியே ஓட்டுபவர்கள் மூடிய கல்லாப்பெட்டிக்குள் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சில வேலைகளை நிறுத்திவிடும், அப்புறம் அதுவும் 'ஹாட்ஸ்பாட் கட்' கணக்கில்தான் வரும்.

மண்டி அண்ணனுக்கு 2.4, நேரக் கணக்கு ஆஃப் என்று வைத்து அனுப்பினேன். மறுநாள் இரவு ஒரு கூடை மல்கோவா வந்தது, கூடவே குரூப்பில் ஒரு நல்ல வார்த்தையும். அந்த ஆடியோ போன தூரத்துக்கு இது போகவில்லை, ஆனாலும் மனசு ஆறியது. லாக்டவுன் நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது ரீசார்ஜுக்கு முன்பணமாகவே கொடுத்து வைத்தவர்கள் நீங்கள். ஆடியோவை நம்பாமல் போன் போட்டு "என்னப்பா விஷயம்" என்று நேராகக் கேட்ட அத்தனை பேருக்கும் என் நன்றி.

ஹாட்ஸ்பாட் செட்டிங் பார்க்க வருபவர்கள் மதியம் 2 முதல் 4-க்குள் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம், தம்பி இல்லாததால் இப்போது நான் ஒருவன்தான். நம் கடையில் வாங்கிய போனுக்கு இந்த மாதம் முழுக்க இலவசம், அடுத்த மாதத்திலிருந்து 50 ரூபாய். போனை மட்டும் கொண்டு வராதீர்கள், சேர மாட்டேன் என்கிற லேப்டாப்பையோ பிரிண்டரையோ சேர்த்துக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்