சிறு குழு ஆய்வுகளின் மாதிரி அளவு: முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தங்கள் பார்வைக்கு வரும் ஆய்வு முன்மொழிவுகளில் ஒரு முரண் அடிக்கடி தென்படுகிறது. குழுக்கள் சிறியவை என்பதால் ஃபிஷர் துல்லியச் சோதனையைப் பயன்படுத்தப் போவதாகப் பகுப்பாய்வுப் பகுதியில் எழுதுபவர்களே, மாதிரி அளவைக் கணக்கிடும்போது இயல்நிலைப் பரவலின் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுத்துவிடுகிறார்கள். தோராயம் இங்கே செல்லாது என்பதற்காகத்தானே துல்லியச் சோதனையை நாடினார்கள்?

ஓர் எடுத்துக்காட்டைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிகிச்சை பெறுவோரில் 90 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுக் குழுவில் 10 விழுக்காட்டினரும் குணமடைவர் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கிறார். இருபக்கச் சோதனை, 5 விழுக்காடு முதல் வகைப் பிழை, 80 விழுக்காடு திறன் ஆகியவை அவர் கேட்பவை. பாடநூல்களில் காணும் எளிய சூத்திரம் தரும் விடை இது:

```
(1.96 + 0.84)² × (0.9×0.1 + 0.1×0.9) / 0.8² ≈ 2.2
```

அதாவது குழுவுக்கு 3 பேர் போதும் என்றாகிறது. ஆனால் 3 பேர் கொண்ட இரு குழுக்களில் ஒன்றில் அனைவரும் குணமடைந்து மற்றதில் ஒருவர்கூடக் குணமடையாவிட்டாலும், 6 பேரில் 3 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 20 என்பதால், ஃபிஷர் சோதனையின் இருபக்கப் பி-மதிப்பு 2/20, அதாவது 0.10 ஆகவே இருக்கும். அதைவிட வலுவான முடிவு அந்த ஆய்வில் கிடைக்கவே முடியாது. எனவே அதன் உண்மையான திறன் பூச்சியம். ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது.

இரு விகிதங்களின் சராசரியைக் கொண்டு பரவற்படியைக் கணிக்கும் சற்றே கவனமான சூத்திரம் 4.75 என்று தருகிறது. ஆகவே குழுவுக்கு 5 பேர். இதில் ஃபிஷர் சோதனையின் திறன் 73.6 விழுக்காடுதான். ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்தால் குறை தீரும் என்று தோன்றும், ஆனால் 6 பேருக்குத் திறன் 65.9 விழுக்காடாக இறங்குகிறது. 7 பேருக்குத்தான் அது 84 விழுக்காட்டை எட்டுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்திலேயே காரணமும் இருக்கிறது. எண்ணிக்கைகள் முழு எண்களாகவே வருவதால் பி-மதிப்பு படிப்படியாகத் தாவுகிறது, 0.05 என்ற எல்லையை அது மிகச் சரியாகத் தொடுவது அரிது. குழுவுக்கு 5 பேர் இருக்கையில் ஒரு குழுவில் ஐவரும் மற்றதில் ஒருவரும் குணமடையும், அதாவது ஐந்துக்கு ஒன்று என்ற, முடிவின் பி-மதிப்பு 0.0476, அது எல்லைக்குள் வந்துவிடுகிறது. 6 பேர் இருக்கையில் ஐந்துக்கு ஒன்று என்பது 0.080, ஆறுக்கு இரண்டு என்பது 0.061, இரண்டுமே வெளியே நின்றுவிடுகின்றன. இரு குழுக்களிலும் உண்மை விகிதம் 50 விழுக்காடாகவே இருந்தால், 6 பேருக்கு இந்தச் சோதனை தவறாக வேறுபாடு காணும் வாய்ப்பு வெறும் 0.6 விழுக்காடு. நாம் அனுமதித்த 5 விழுக்காட்டில் பெரும்பகுதி செலவாகாமலே கிடக்கிறது. சூத்திரமோ அது முழுவதும் செலவாகும் என்று கருதித்தான் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறது.

தொடர்ச்சித் திருத்தம் சேர்த்த சூத்திரம் இதே எடுத்துக்காட்டில் 7.02 என்று தருவதால், மேல்நோக்கி முழுமையாக்கி 8 பேர் என்று கொள்ள நேரும். உண்மைக்கு அது நெருக்கமானதுதான், பாதுகாப்பான பக்கமும்கூட. எனினும் அத்தனை சாத்தியமான அட்டவணைகளையும் கணினி நொடியில் எண்ணிவிடும்போது தோராயத்துக்குத் திருத்தம் தேடுவானேன்? R மொழியில் சில வரிகளே போதும்:

```r
n <- 7; w <- 0
for (x in 0:n) for (y in 0:n) {
  p <- fisher.test(matrix(c(x, n-x, y, n-y), 2))$p.value
  if (p <= 0.05) w <- w + dbinom(x, n, 0.9) * dbinom(y, n, 0.1)
}
w
```

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஃபிஷர் சோதனையைப் பகுப்பாய்வாக அறிவிக்கும் முன்மொழிவு, இவ்வாறு எண்ணிக் கண்ட துல்லியத் திறனையே காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். தேர்ந்த எண்ணிக்கைக்கு மட்டுமின்றி, அதற்குக் கீழும் மேலும் உள்ள சில எண்ணிக்கைகளுக்கும் அதைக் கேளுங்கள். மேற்கண்ட ஆய்வில் குழுவுக்கு ஒருவர் விலகினாலே திறன் 84-இலிருந்து 66 விழுக்காட்டுக்குச் சரிகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். இத்தனை பேரைத் திரட்ட இயலாது என்று ஆய்வாளர் சொன்னால், செலவாகாத பிழை வாய்ப்பை இன்னும் நன்கு பயன்படுத்தும் பார்னார்ட் சோதனை போன்றவற்றை அவர் நாடலாம். ஆனால் அந்தத் தேர்வைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி வைத்து, அதே சோதனைக்குத் திறனைக் கணக்கிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியலாளர்