எல்லா ‘கேட்டமரனும்’ கட்டுமரம் அல்ல

ஆசிரியருக்கு,

ஒலிம்பிக் பாய்மரப் போட்டி பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘கேட்டமரன்’ வந்தால், நம்மிடமிருந்து போன சொல்தானே என்று மொழிபெயர்ப்பவர்கள் ‘கட்டுமரம்’ எனத் திருப்பி எழுதிவிடுகிறார்கள். சொல் நம்முடையது, பொருள் இப்போது வேறு.

நொச்சிக்குப்பம் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கட்டுமரத்துக்கு உள்கூடே கிடையாது. செதுக்கிய கனமற்ற மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் பிணைப்பார்கள். இடுக்குகளில் தண்ணீர் ஏறி இறங்கும், ஆனால் மூழ்காது. நீரை உறிஞ்சி மரம் கனத்துவிடும் என்பதால், கரையேறியதும் கட்டவிழ்த்துக் காயவைப்பார்கள். 1697இல் வெளியான தம் பயணநூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரைக்குக் குறிப்பது இதைத்தான். அங்கே ‘கட்டுமரம்’ என்றே எழுதலாம்.

ஒலிம்பிக்கின் ‘நாக்ரா 17’ பாய்மரப் படகு அப்படியல்ல. தண்ணீர் புகாத இரண்டு ஒல்லியான கூடுகள், நடுவே இடைவெளி, அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அதற்கு ‘இரட்டையுடல் படகு’ பொருந்தும். ஆங்கில மூலத்தில் படகின் கூட்டைக் குறிக்கும் ‘ஹல்’ என்ற சொல் வந்தாலே, அது கட்டுமரம்தானா என்று சந்தேகப்படலாம். ‘கட்டுமரத்தின் இடது கூட்டில் தண்ணீர் புகுந்தது’ என்று எழுதினால் கடலோரத்தில் சிரிப்பார்கள்.

‘கறி’யிலும் இதே வழுக்கல் உண்டு. ஆங்கிலத்தின் ‘எக் கறி’ நம்மூரில் முட்டைக் குழம்பு. சென்னையில் வெறும் ‘கறி’ என்றால் ஆட்டிறைச்சி.

– ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை