கண்ட்ரோல்-கே போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எக்ஸெல்லில் இணைப்புக் கொடுக்க கண்ட்ரோல்-கே அழுத்தினாலே போதும், ஹைப்பர்லிங்க் ஃபார்முலா சாதாரண வாசகருக்குத் தேவையில்லை என்று சென்ற இதழின் கணினிப் பகுதி தீர்ப்பு எழுதியிருக்கிறது. பத்து இணைப்பு கொடுப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர்களை ஸ்கேன் செய்து பதிவேட்டோடு இணைக்கும் வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் கண்ட்ரோல்-கே அழுத்திக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டுத் தணிக்கையே வந்துவிடும். உங்கள் கட்டுரையாளர் அப்படி ஒரு பதிவேட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் பதிவேட்டில் B பத்தியில் வவுச்சர் எண் இருக்கும். ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு 00147.pdf என்பதுபோல் அந்த எண்ணையே பெயராக வைக்கிறோம். அவை இருக்கும் ஃபோல்டரின் முகவரியை, உதாரணமாக D:\Vouchers\2024-25\ என்று, கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்து F1 செல்லில் ஒரே ஒரு முறை எழுதுகிறோம். பிறகு இந்த ஒற்றை வரியை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் பதிவேடு முழுவதும் இணைப்பு வந்துவிடும்:

```
=HYPERLINK($F$1&TEXT(B2,"00000")&".pdf","பார்")
```

ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் F1-ஐ மட்டும் திருத்தினால் போதும், எல்லா இணைப்பும் புது இடத்துக்குத் திரும்பிவிடும். கண்ட்ரோல்-கே கொடுத்த இணைப்புகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கும். கட்டுரையாளர் 'தேவையில்லை' என்று ஒதுக்கியது இந்த வசதியைத்தான்.

நடுவில் உள்ள TEXT எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். செல்லில் 00147 என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், அது எண் வடிவமைப்பால் வந்த தோற்றமாக இருந்தால், உள்ளே இருக்கும் மதிப்பு வெறும் 147-தான். B2-ஐ நேரடியாகச் சேர்த்தால் எக்ஸெல் 147.pdf என்ற இல்லாத கோப்பைத் தேடும். தேடும் என்பதைக்கூட நாம் சொடுக்கும்வரை அது காட்டிக்கொள்ளாது. கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'பார்' என்ற சொல் ஒரே மாதிரிதான் நிற்கும். சொடுக்கிய பிறகுதான் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வரும். சந்தேகம் வந்தால் ஃபார்முலாவின் இரண்டாவது பகுதியான "பார்" என்பதை, அதற்கு முந்தைய காற்புள்ளியோடு எடுத்துவிட வேண்டும். அப்போது இணைப்பின் முழு முகவரியும் செல்லிலேயே தெரியும். சுழியம் விட்டுப்போயிருந்தாலும், சாய்கோடு இல்லாமல் 2024-25-உம் 00147-உம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பார்த்தவுடன் பிடிபடும். இந்தச் சிறு வழியைச் சொல்ல உங்கள் பக்கத்தில் இடமில்லை. கண்ட்ரோல்-கே பெட்டியின் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. அதே பகுதி முன்பொரு முறை, செல்லில் உள்ள பெயரைக் கொண்டு அதே கோப்பின் இன்னொரு ஷீட்டுக்குப் போகும் ஃபார்முலாவை வெளியிட்டபோது, தொடக்கத்தில் இருக்க வேண்டிய # குறியை அச்சில் விழுங்கிவிட்டது. அந்தக் குறி இல்லாவிட்டால் எக்ஸெல் ஷீட்டைத் தேடாமல் அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் தேடப் போய்விடும். ஷீட்டின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறியும் வேண்டும். சரியான வடிவம் இது:

```
=HYPERLINK("#'"&A2&"'!A1",A2)
```

இதைச் சுட்டிக்காட்டி அப்போதே எழுதினேன். அக்கடிதம் உங்கள் மேசைக்கு வந்ததா, வழியிலேயே ஓய்வெடுத்துவிட்டதா என்று தெரியவில்லை. திருத்தம் மட்டும் இன்றுவரை வரவில்லை. உங்கள் இணையப் பதிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் ஃபார்முலாவின் நேர் மேற்கோள் குறிகள் எல்லாம் வளைந்த குறிகளாக மாறியிருக்கின்றன. கட்டுரையின் உரைநடைக்கு அவை அழகுதான். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் எக்ஸெல் அவற்றை மேற்கோளாகவே மதிப்பதில்லை. என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் இளைஞர் அப்படி ஒட்டிவிட்டு, "புத்தகத்துல போட்டதைத்தானே சார் போட்டேன்" என்று என்னையே முறைக்கிறார்.

தங்கள் கட்டுரையாளரின் புலமையில் குறை காண எனக்குத் தகுதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மேலே உள்ள இரண்டு ஃபார்முலாக்களையும், வரி உடையாமல், நேர் மேற்கோள் குறிகளோடு, # குறியை விழுங்காமல் அடுத்த இதழில் வெளியிட்டால் போதும். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தின் மற்ற வரிகளை வெட்டிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
விருதுநகர்.