எளிய தமிழில் மாற்றி எழுதித் தந்த ஒப்பந்தத்தில் பொருள் மாறியிருப்பது குறித்த புகார்

அனுப்புநர்
செயலர், சிறு தேயிலை விவசாயிகள் குழு,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், எழுத்துப் பணி நிறுவனம்,
கோயம்புத்தூர்.

ஐயா,

எங்கள் குழுவுக்கும் நாங்கள் கொழுந்து கொடுக்கும் ஆலைக்கும் இடையிலான ஒப்பந்தத்தை, பொருள் மாறாமல் எளிய தமிழில் மாற்றி எழுதித் தரும்படி உங்களிடம் கொடுத்திருந்தோம். பழைய ஒப்பந்தம் பத்திரத் தமிழில் இருந்தது. ‘மேற்படி’ என்றும் ‘இதன்கண்’ என்றும் போகும் அந்த வாக்கியங்களை முழுதாகப் படித்துப் பார்த்த உறுப்பினர் எங்களில் நான்கு பேர்கூடத் தேறமாட்டார்கள். எளிய வடிவத்திலேயே கையெழுத்திட ஆலையும் சம்மதித்தது. உங்கள் பிரதி ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையோடு வந்து சேர்ந்தது. படிக்க நன்றாகவே இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

அஞ்சலகத்தில் முப்பது ஆண்டுகள் படிவங்களோடு காலம் தள்ளியவன் நான். முத்திரையை நம்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. மூலத்தின் வாக்கியங்களுக்கு 1 முதல் 38 வரை பென்சிலால் எண் போட்டேன். உங்கள் பிரதியில் இருப்பவை 44 வாக்கியங்கள். நீளமானவற்றை உடைத்திருக்கிறீர்கள் என்பதால் எண்ணிக்கை கூடியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது மூலத்தின் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டே போனேன். பிறகு மருமகள் மூலத்தை ஒவ்வொரு வாக்கியமாக உரக்க வாசித்தாள். நான் உங்கள் பிரதியில் அடுத்த வரி கண்ணில் படாதபடி அடிக்கோலை வைத்து மறைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். யார் செய்வது, செய்தே ஆக வேண்டுமா அல்லது செய்யலாமா, எவ்வளவு, எப்போதைக்குள், எந்த நிலையில் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்திக் கேட்டுக்கொண்டோம். இரண்டு மாலை பிடித்தது.

மூலத்தின் 14ஆவது வாக்கியம் இது: “மழையிலோ பனியிலோ நனைந்த பசுந்தேயிலையை உறுப்பினர் கொண்டுவரும் நாளில் மட்டும், ஈரத்துக்காக எடையில் 5 சதவீதத்துக்கு மிகாமல் ஆலை கழிக்கலாம்.” அதை நீங்கள் இப்படி இரண்டாக்கியிருக்கிறீர்கள்: “இலையில் ஈரம் இருக்கும். அதற்காக எடையில் 5 சதவீதம் கழிக்கப்படும்.”

தொலைபேசியில் கேட்டபோது, எண்களையெல்லாம் தனியாகச் சரிபார்த்துவிட்டதாக உங்கள் அலுவலர் சொன்னார். உண்மைதான், 5 அப்படியே 5ஆக இருக்கிறது. அதைச் சுற்றி இருந்த சொற்கள்தான் காணாமல் போய்விட்டன. ‘மிகாமல்’ போனதால் உச்சவரம்பு நிலையான கழிவாகிவிட்டது. ‘கழிக்கலாம்’ என்பது ‘கழிக்கப்படும்’ ஆனதில், விரும்பினால் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்று கட்டாயமாகிவிட்டது. ‘நனைந்த’, ‘நாளில் மட்டும்’ என்ற நிபந்தனையோ உடைத்த இடத்திலேயே உதிர்ந்துவிட்டது. தமிழில் நிபந்தனை வாக்கியத்தின் தலைப்பக்கம் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. நடுவில் வெட்டினால் வினையோடு போகும் துண்டுக்கு நிபந்தனை கூடவே போவதில்லை. வெட்டுபவர்தான் அதை எடுத்து அங்கே திரும்ப வைக்க வேண்டும்.

ஒரு நாள் 60 கிலோ கொழுந்து கொண்டுபோகும் உறுப்பினரை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தின்படி, ஐப்பசி மழையில் நனைந்த இலைக்கு ஆலை அதிகபட்சம் 3 கிலோ கழிக்கலாம். ஒரு கிலோவோடு விடலாம், கழிக்காமலும் விடலாம். மாசி வெயிலில் பறித்த காய்ந்த இலைக்கு ஒரு கிராம்கூடக் கழிக்க முடியாது. உங்கள் பிரதியின்படி ஆண்டு முழுவதும், எந்த நாளானாலும், 57 கிலோவுக்குத்தான் பணம்.

அடுத்தது 17ஆவது வாக்கியம். “எடை போடும்போது உறுப்பினரோ அவருடைய ஆளோ உடனிருக்க ஆலை அனுமதிக்க வேண்டும்” என்று இருந்தது, “எடை போடும்போது உறுப்பினர் உடனிருக்க வேண்டும்” என்று சுருங்கியிருக்கிறது. இரண்டும் ‘வேண்டும்’ என்றே முடிவதால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஆலையின் தலையில் இருந்த கடமை எங்கள் தலைக்கு வந்துவிட்டது. எங்கள் உரிமையாக இருந்ததற்கு இனி நாங்களே பதில் சொல்ல வேண்டும். இலை கொண்டுபோகும் வண்டியில் தானும் ஏறிப்போக முடியாத மூதாட்டி ஒருவர் எங்கள் உறுப்பினர். அவருடைய இலைக்கு எடை குறைந்தால், “நீங்கள் ஏன் உடனிருக்கவில்லை” என்று ஆலை இனிக் கேட்கலாம். சுருக்கும்போது முதலில் கழன்று விழுவது யாருடைய கடமை என்பதுதான்போலும்.

இவை இரண்டும் வாக்கியத்துக்கு வாக்கியம் வைத்துப் பார்த்ததில் சிக்கியவை. மூன்றாவது அப்படிச் சிக்கவில்லை. மூலத்தின் 29ஆவது வாக்கியத்தை நீங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள்: “எடைச் சீட்டில் பிழை இருந்தால் உறுப்பினர் 7 நாளுக்குள் ஆலைக்குத் தெரிவிக்க வேண்டும்.” இரண்டையும் வாசித்து, சரி என்று அடையாளம் போட்டு நாங்களும் கடந்துவிட்டோம். எல்லாம் முடிந்த பிறகு மூலத்தின் எண்களை எடுத்து, உங்கள் பிரதியின் ஓரத்தில் எது வரவில்லை என்று திரும்பத் தேடினேன். 3ஆவது எண்ணைக் காணவில்லை. “இவ்வொப்பந்தத்தில் ‘நாள்’ என்பது ஆலை இயங்கும் நாளைக் குறிக்கும்” என்பது அந்த வாக்கியம். விளக்கப் பத்தி வேண்டாத சுமை என்று உங்கள் எழுத்தாளர் நினைத்திருக்கலாம். அது போனதும், சொல் மாறாத 29ஆவது வாக்கியத்தின் பொருள் மாறிவிட்டது. ஆலை வாரம் ஒரு நாள் விடுமுறை, நடுவில் பொங்கலுக்கு மூன்று நாள் மூடல் என்று வைத்துக்கொண்டால், முன்பு 12 நாள் வரை கிடைத்த அவகாசம் இப்போது 7 நாளோடு முடிகிறது. வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்பவர் ‘நாள்’, ‘பசுந்தேயிலை’, ‘உறுப்பினர்’ போல வரையறுத்த சொற்கள் வரும் இடங்களைத் தனியாக ஒருமுறை தேடிப் பார்க்காவிட்டால் இது பிடிபடாது.

எதிர்த்திசையிலும் ஒருமுறை பார்த்தோம். உங்கள் பிரதியில் ஓரத்தில் எண் விழாத வாக்கியம் ஒன்று இருக்கிறது: “இரு தரப்பும் ஒருவருக்கொருவர் ஒத்துழைத்து நடந்துகொள்ளும்.” மூலத்தில் இதற்குத் தாய் இல்லை. இனிமையான வாக்கியம்தான். ஆனாலும் கையெழுத்திடும் தாளில் இருப்பதெல்லாம் கடமை. பணம் தாமதமானதைக் கேட்கப் போனவரைப் பார்த்து, “ஒத்துழைக்கவில்லை” என்று ஒருவர் விரல் நீட்ட இது போதும்.

மற்றவற்றில் எனக்குக் குறையில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ‘மேற்படி ஆலையானது’ ‘ஆலை’ ஆனதும், ‘செலுத்தக் கடமைப்பட்டதாகும்’ என்பது ‘செலுத்த வேண்டும்’ ஆனதும் நல்ல வேலை. எழுதியவருக்குத் தமிழ் தெரிகிறது. எழுதியவரே சரிபார்த்திருக்கிறார் என்று உங்கள் அலுவலர் பேச்சுவாக்கில் சொன்னார். தான் எழுத நினைத்தது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அதைத்தான் அவர் தாளிலும் படித்திருப்பார். மூலத்தைக் கையில் வைத்திருந்தாரா என்று கேட்டேன். இரண்டு முறை வாசித்தோம், ஓட்டம் தடையில்லாமல் இருந்தது என்றே பதில் வந்தது. மாற்றி எழுதியதை மட்டும் படித்தால் எத்தனை முறை படித்தாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே 3, 14, 17 ஆகிய வாக்கியங்களை மூலத்தின் பொருளுக்கே திருத்தி, சேர்த்த வாக்கியத்தை நீக்கித் தாருங்கள். திருத்திய பிரதியை, அதை எழுதாத வேறொருவர் மூலத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும். இடப்பக்கம் மூல வாக்கியமும் வலப்பக்கம் உங்கள் வாக்கியமும் எண்களோடு அமைந்த தாளில் அவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். சரிபார்ப்புக்கென்று பில்லில் தனியாகப் போட்டிருக்கும் தொகையைத் திருப்பித் தர வேண்டும். அந்த வேலையைச் செய்தது நானும் என் மருமகளும்.

பென்சில் குறிப்புகளோடு இரண்டு பிரதிகளின் நகலையும் இணைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் பதில் தேவை. இங்கே நாள் என்று நான் சொல்வது ஞாயிறும் விடுமுறையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
செயலர்