கட்டிலைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள செல்வம்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம்.

அம்மாவின் நாடாக் கட்டிலைத் தூக்கிப் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்படியடா மனசு வந்தது? எங்கள் கட்டிலும் நடுவில் 10 சென்டிமீட்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. விடிந்தால் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், எழுந்து உட்காரவே கஷ்டப்படுவார். அதனால்தான் அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

90 சென்டிமீட்டர் அகலத்தில் அவ்வளவு பள்ளம் விழ, குறுக்கு நாடா ஒவ்வொன்றும் எவ்வளவு நீண்டிருக்கும் சொல்? கணக்குப் போட்டால் 3 சென்டிமீட்டர்தான் வருகிறது. நாடா கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் நெகிழ்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் இதே கணக்கு நம்மை மிரட்டவும் செய்கிறது. இழுத்துக் கட்டும்போது அரை சென்டிமீட்டர் தளர்வு மிஞ்சினாலே 4 சென்டிமீட்டர் பள்ளம் நிற்கும்!

ஆகவே கடைசி முனையை மட்டும் பிடித்து இழுப்பது வீண். முதல் சில வரிசை இறுகும், அதற்கப்புறம் சட்டத்தைச் சுற்றும் இடத்திலும் நாடாக்கள் குறுக்கிடும் இடத்திலும் உரசிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒன்றும் மாறாது.

தொடங்குமுன் சட்டத்தைப் பார். நீளச் சட்டத்தின் இரு முனைக்கும் நூல் பிடித்தால், உள்பக்கம் வளைந்திருப்பது தெரிந்துவிடும். அந்த வளைவும் நாடா நீண்டதற்குச் சமம்தான். கால் பொருத்து ஆடினால் அதை இறுக்காமல் பின்னலில் கை வைக்காதே.

பின்னி முடித்த முனையிலிருந்து குறுக்கு நாடாவை முழுக்க உருவிச் சுருட்டிக்கொள். நீள நாடாக்களைக் கழற்ற வேண்டாம். ஆணியடித்த முனையில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தளர்வை அடுத்ததுக்குத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இழுத்துக் கட்டு. இங்கே ஒரு நிதானம் வேண்டும். அவற்றை மத்தளத் தோல் மாதிரி முறுக்கிவிட்டால், குறுக்கு நாடா மேலும் கீழுமாக நுழையும்போது அவை வளைய இடம் இருக்காது. பாதிக் கட்டிலில் விறைத்துப்போய், கடைசி வரிசைகள் நுழையவே நுழையாது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்க வேண்டும்.

முழு பலமும் குறுக்கு நாடாவுக்கு. சட்டத்தில் காலை ஊன்றி இழு. திருப்பிச் சுற்றும் நேரத்தில்தான் அந்த அரை சென்டிமீட்டர் நழுவும், அதனால் இன்னொருவர் சட்டத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கட்டும். உன் தம்பியைக் கூப்பிடு, சும்மாதானே இருக்கிறான். நாலைந்து வரிசைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் அமுக்கிப் பார். மற்றவற்றைவிட ஆழமாக இறங்குவது எதுவோ அதை அங்கேயே திருத்திவிடு. பத்து வரிசை தாண்டிவிட்டால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும்.

முடிவில் மிஞ்சும் நாடாவை வெட்டாதே, ஆணியும் அடிக்காதே. ஆள் படுக்கப் படுக்கப் பின்னல் இன்னும் கொஞ்சம் நெகிழும், அப்போது மறுபடி இழுக்க அந்த வால் தேவைப்படும். முடிச்சாகக் கட்டி விடு.

அப்பா இப்போது கை ஊன்றாமல் எழுந்திருக்கிறார். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று எழுது.

உன்,
ராமு