பேஷண்ட் பேர் என்ன?: சென்னை மருத்துவமனை ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் ரிசப்ஷனில், ஓ.பி. கவுன்ட்டரில், அப்பாயின்ட்மென்ட் போனில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும், உங்களை வேலைக்குப் பழக்கும் சூப்பர்வைசர்களுக்கும்,

வணக்கம். எனக்குத் திக்கும், சின்ன வயதிலிருந்தே. அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு முதுகுவலி என்று அடிக்கடி உங்கள் கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கிறேன். நீங்கள் முதலில் கேட்பது, "பேஷண்ட் பேர் என்ன?" என்னைப் போன்ற பலருக்கு ஒரு நாளில் வரும் கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான்.

மற்ற வார்த்தைகள் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவோம். 'காய்ச்சல்' வராது போலிருந்தால் 'ஜுரம்' என்போம். அதுவும் மாட்டும் என்று தோன்றினால் 'உடம்பு சுடுது'. எந்த வார்த்தையில் மாட்டப் போகிறோம் என்பது பல நேரம் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நாங்கள் சுற்றி வளைத்துப் பேசுவது உங்களுக்குத் தெரியாது, அந்த அளவுக்குப் பழக்கம். ஆனால் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அந்த ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும், அதுவும் உடனே, முன்பின் தெரியாதவரிடம், பின்னால் வரிசை நிற்கும்போது. அதனால்தான் எல்லாவற்றையும் ஓரளவு பேசிவிடுகிற ஆளும் சொந்தப் பெயரில் மாட்டிக்கொள்கிறார்.

திக்கல் என்றதும் 'ப-ப-ப' என்று திரும்பத் திரும்ப வருவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சினிமா காமெடியில் காட்டியது அதைத்தானே. 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் ஒலி இழுத்துக்கொண்டே போவது இன்னொரு வகை. மூன்றாவது வகையில் சத்தமே வராது. 'ப'வில் தொடங்கும் பெயர் என்றால் உதடு ஒட்டி நிற்கும், அதையாவது நீங்கள் பார்க்கலாம். 'அருண்' மாதிரி உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் தொண்டைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒருவர் திருதிருவென்று சும்மா நிற்பது போலிருக்கும். "பேர் மறந்துடுச்சா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பது இந்த இடத்தில்தான். மறக்கவில்லை. பெயர் தலையில் தெளிவாக இருக்கிறது. அதை வாயாக, மூச்சாக, குரலாக ஓட்டும் நேரக்கணக்கு ஒரு கணம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். பதற்றம் அதைக் கூட்டலாம். ஆனால் பதற்றத்தால் வந்த வியாதி இல்லை இது. மூளை பேச்சை நடத்தும் விதத்தில் இருக்கும் வித்தியாசம், பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவது. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். நாளுக்கு நூறு டோக்கன் போடும் கவுன்ட்டர் என்றால் எங்களில் ஒருவர் தினமும் உங்களிடம் வந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கருணாகரன் என்று ஒருவர் வருகிறார். "பேர்?" அவர் "க..." என்று ஆரம்பித்து நின்றுவிடுகிறார். சாதாரணமாக இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு நடுவில் இருக்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடி. கண் இமைக்கும் நேரம்தான். அதற்கே பழகிய காதுக்கு மூன்று நொடி மௌனம் மலையாகத் தெரியும். ஏதாவது சொல்லி அதை நிரப்ப வேண்டும் என்று கை பரபரக்கும், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே. "கார்த்திக்கா சார்?" என்கிறீர்கள். இப்போது அவருக்கு வேலை இரண்டாகிவிட்டது. முதலில் "இல்லை" என்று சொல்ல வேண்டும், அப்புறம் பெயரை முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் "கண்ணன்?" பின்னால் நிற்பவர் 'உச்' கொட்டுகிறார். இரண்டாவது தடவை பூட்டு இன்னும் இறுகும், ஏனென்றால் இப்போது நேரம் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் அவர் தலையை ஆட்டிவிடுகிறார். கண்ணன்தான், போதும், விடு.

இதை நான் கற்பனைக்காகச் சொல்லவில்லை. தப்பான பெயருக்குத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் எங்களுக்குள் நிறைய. ஓட்டலில் என்றால் தோசை வரும், சிரித்துக்கொள்ளலாம். உங்கள் இடத்தில் கண்ணன் பெயரில் புது ஃபைல் திறக்கும். கருணாகரனின் பழைய ரத்தப் பரிசோதனையும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் வேறு ஃபைலில் தூங்கும். லேபில் ட்யூப் மீது கண்ணன் என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இன்ஷூரன்ஸ் மேசையில் ஆதார் கார்டும் பில்லும் ஒத்துப்போகாது. அதைச் சரிசெய்ய அவர் இன்னும் மூன்று மேசைகளில் நின்று பேச வேண்டும்.

ஊகம் சரியாக இருந்தாலும் எல்லோருக்கும் அது உதவியாக இருக்காது. பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்த வார்த்தையை வேறு யாரோ எடுத்துச் சொல்லிவிட்டால், அடுத்த தடவை மூச்சு முட்டுவதற்கு முன்பே யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று உடம்பு எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். சிலருக்கு நீங்கள் எடுத்துக் கொடுப்பது பிடிக்கும், மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர் கையாலோ கண்ணாலோ கேட்பார், அல்லது ஆதாரையோ பழைய ஃபைலையோ நீட்டுவார். நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நீட்டாதவரிடம் "ஐடி இருந்தா குடுங்க சார், நானே பாத்துக்கறேன்" என்று பாதியில் கை நீட்ட வேண்டாம்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூட்டு விழும்போது எங்களுக்குக் கண் மூடலாம், தாடை ஒரு பக்கம் இழுக்கலாம், தலை ஆடலாம். பார்ப்பவருக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். அதனால் மரியாதைக்காகவே பலர் குனிந்து மானிட்டரைப் பார்க்கிறீர்கள், கீபோர்டில் எதையோ தட்டுகிறீர்கள். எங்களுக்கு அது கதவைச் சாத்தியது போல. சில மாதங்களுக்கு முன் நான் என் பெயரில் நின்றுகொண்டிருந்தபோது, எதிரில் இருந்தவர் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த என் மனைவியைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார். முதுகுவலி எனக்கு. மனைவி சும்மா துணைக்கு வந்தவர். அவரும் பாவம், சொல்வதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். அன்று டாக்டர் அறையில் நான் பாதியைத்தான் சொன்னேன்.

இதற்காக முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். மற்றவர்கள் பேசும்போது எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படியே. ஒரு தடவை மானிட்டர், மறுபடி முகம். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விரல் கீ மேல் காத்திருப்பது எங்கள் கண்ணில் உடனே படும். வேகமாகத் தலையாட்டி "ம், ம், சொல்லுங்க, சொல்லுங்க" என்பதும் அவசரப்படுத்துவதுதான். "மெதுவா சொல்லுங்க", "டென்ஷன் ஆகாதீங்க", "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" இவையும் வேண்டாம். இதெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறோம், பலித்திருந்தால் இந்நேரம் பேசியிருப்போம். (நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்ன பாட்டியம்மா ஒருவரும் வரிசையில் இருப்பார். அவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.) பெயரைச் சொல்லி முடித்ததும் "சூப்பர் சார், சொல்லிட்டீங்களே" என்று பாராட்டவும் வேண்டாம். "கருணாகரன். வயசு என்ன சார்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். பெயரை ஒரு தடவை திருப்பிச் சொன்னீர்கள் பாருங்கள், சரியாகப் பதிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

"காலை எட்டு மணிக்கு ஓ.பி. வரிசை வாசல் வரை நிக்குது, இதுக்கெல்லாம் எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு திக்கல் பெரும்பாலும் ஒரு நொடி அளவுதான், ஐந்து நொடியைத் தாண்டுவது அபூர்வம். பெயருக்கு இரண்டு நொடிக்குப் பதில் எட்டு நொடி ஆகும் என்றே வையுங்கள். ஊக விளையாட்டு அதைவிட நீளம், தப்பான ஃபைலைத் திருத்துவது இன்னும் நீளம். வரிசையில் யாராவது முணுமுணுத்தால் நிமிர்ந்து பார்த்து, "ஒரு நிமிஷம் இருங்க, சார் பேசிட்டு இருக்கார்" என்று சொல்லுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல முடியும், எங்களால் முடியாது.

இன்னொன்று, நேற்று சரளமாகப் பேசியவர் இன்று மாட்டினால் நடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நாளுக்கு நாள், ஏன் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். பாடும்போதும் எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போதும் பெரும்பாலோருக்குத் திக்கவே திக்காது.

கடைசியாகப் போன். நேரில் என்றால் முகமாவது தெரியும், போனில் பூட்டு விழுந்தால் உங்களுக்குக் கேட்பது வெறும் மௌனம். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" டொக். மறுபடி கூப்பிட்டால், முன்பு வைத்தது நீங்கள்தான் என்று தெரிந்தே பேச வேண்டும், இன்னும் இறுகும். மௌனம் வந்தால் கொஞ்சம் காது கொடுங்கள். லைன் போயிருந்தால் சுத்தமாக எதுவும் கேட்காது. ஆள் இருந்தால் மூச்சோ, நாக்கு தட்டும் சின்னச் சத்தமோ, பின்னால் ஓடும் ஃபேனோ கேட்கும். "லைன்ல இருக்கேன், சொல்லுங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே குரல் வந்துவிடும்.

சூப்பர்வைசர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒரு போன் காலுக்கு இத்தனை நொடி என்று கணக்கு வைத்திருந்தால், இந்த மாதிரி கால்களை அதிலிருந்து கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே நான் சொன்னது எதையும் உங்கள் ஊழியரால் செய்ய முடியாது. அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்து, அதற்கு யாராவது பதில் போடும்படி பாருங்கள். கவுன்ட்டரில் பெயர், வயது, போன் நம்பர் எழுதும் சின்னச் சீட்டை எல்லோருக்கும் கொடுங்கள், திக்குகிறவருக்கு மட்டும் தனியாக எடுத்து நீட்டாமல். வரிசையில் நிற்கும்போதே எழுதிவிடலாம். எழுத விரும்பாமல் வாயால் சொல்ல வருகிறவரிடம், சீட்டு எங்கே என்று கேட்க வேண்டாம்.

கண்ணாடித் தடுப்பு வைத்து மைக் போட்டிருக்கும் இடங்களில் நாங்கள் திக்குவது ஹால் முழுக்க ஒலிக்கிறது. எங்கள் குரல் வரும் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா என்று உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அடுத்த வாரம் அம்மாவின் சர்க்கரை டெஸ்ட்டுக்கு வரப்போகிற ஒருவன்
வேளச்சேரி, சென்னை